தேயிலைக்கு லிஸ்டிங்: வருடம் முழுக்க ஒன்றா, கிரேடுக்கு ஒன்றா, பறிப்புக்கு ஒன்றா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறிய அளவில் தேயிலை வாங்கி, பாக்கெட் போட்டு, இணையத்தில் விற்பவர்களுக்கு லிஸ்டிங், அதாவது பொருளைப் பற்றிச் சொல்லும் விற்பனைப் பக்கம், எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எங்களிடம் மூன்று நான்கு டீ இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டு, வாங்குபவரையே தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லலாமா? இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா?"

இந்தக் கேள்விக்கு நானும் ஒரு காலத்தில் தவறான பதில்தான் வைத்திருந்தேன். முதல் வருடம் நானே கொஞ்சம் தேயிலை விற்றுப் பார்த்தேன். ஜனவரியில் பறித்த இலை கிடைத்தது. அதற்கு உட்கார்ந்து அழகாக எழுதினேன்: நீலகிரி, முழு இலை, பனிக்காலப் பறிப்பு, 100 கிராம், மூன்று நிமிடம் ஊறவிடவும். மார்ச்சில் அது தீர்ந்தது. மே மாதம் அதே ஃபேக்டரியிலிருந்து அதே கிரேடு வந்தது. பக்கத்தை மாற்றாமல் அதிலேயே விற்றேன். ஜூனில் மதுரையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ஜனவரியில் வாங்கிக் குடித்துப் பிடித்துப்போய் மறுபடி நான்கு பாக்கெட் வாங்கியிருந்தார். "தம்பி, இது அந்த டீ இல்லையே. போன தடவை டம்ளரை முகத்துக்கிட்ட கொண்டுபோகும்போதே வாசனை வந்துச்சு. இதுல நிறம் மட்டும்தான் வருது" என்றார். அவர் சொன்னது சரி. ஊர் மாறவில்லை, கிரேடு மாறவில்லை, எடை மாறவில்லை. பறித்த மாதம் மட்டும் மாறியிருந்தது, பக்கம் அதைச் சொல்லவில்லை. நான்கு பாக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து நான் பார்ப்பது ஒன்றைத்தான். லிஸ்டிங் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியும் இன்று பார்சலில் போகிற பாக்கெட்டுக்குப் பொருந்துகிறதா? மூன்று வழிகளையும் அதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

தேயிலை லிஸ்டிங்கில் ஐந்து விவரங்கள் இருந்தாக வேண்டும்: விளைந்த இடம், கிரேடு, பறித்த பருவம், எடை, போடும் முறை. இவை ஐந்தும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. எந்தத் தகவல் எவ்வளவு சீக்கிரம் பழசாகிறது என்று பார்த்தால், எந்த வழி உங்களுக்குச் சரி என்பது பாதி தெரிந்துவிடும்.

விளைந்த இடம் மெதுவாக மாறும். ஆனால் ஆரம்பத்திலேயே தவறாக எழுதப்படுவது இதுதான். நீலகிரியில் இரண்டு விதமான ஃபேக்டரிகள் உண்டு. ஒன்று, சொந்தத் தோட்டத்து இலையை மட்டும் அரைக்கிறது. இன்னொன்று, சுற்றியிருக்கிற சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கி அரைக்கிறது. இரண்டாவது வகையில் ஒரே நாளில் பல ஊர்களின் இலை ஒன்றாகக் கலக்கும். அங்கே வாங்கிய டீக்கு "ஒற்றைத் தோட்டத் தேயிலை" என்று எழுதினால் அது பொய். "கோத்தகிரி சுற்று வட்டாரச் சிறு விவசாயிகளின் இலை, கோத்தகிரி ஃபேக்டரியில் தயாரித்தது" என்றால் உண்மை, கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. உயரத்திலும் இதே கவனம் வேண்டும். கூடலூர், பந்தலூரும் நீலகிரி மாவட்டம்தான், ஆனால் அவை குன்னூரைவிட நன்றாகத் தாழ்ந்த இடங்கள். இலை அங்கிருந்து வந்திருந்தால் "6,000 அடி உயரத்தில்" என்ற வரி கூடாது.

கிரேடு என்பது இலைத் துண்டின் அளவு. தரவரிசை இல்லை. ஆர்த்தடாக்ஸ் முறையில் ஒரே நாள் இலையை உருட்டிக் காயவைத்துச் சல்லடையில் விட்டால், முழு இலை ஓபி என்றும், உடைந்தது பிஓபி என்றும், அதைவிடச் சிறியது பிஓபிஎஃப் என்றும், கடைசியில் டஸ்ட் என்றும் பிரியும். துண்டு சிறிதாகச் சிறிதாகச் சாறு வேகமாக இறங்கும், நிறமும் கடுப்பும் கூடும். ஓபி என்பதன் விரிவு ஆரஞ்சு பீக்கோ. அதில் இருக்கும் ஆரஞ்சு பழம் இல்லை. ஆனாலும் ஆரஞ்சு வாசனை வருமா என்று கேட்டு வருகிற செய்திகள் இன்னும் நிற்கவில்லை. இன்னொரு சிக்கல், பிஓபி என்ற எழுத்துகள் இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்கிற சிடிசி டீயிலும் உண்டு, ஆர்த்தடாக்ஸிலும் உண்டு. ஒன்று கடுகு மாதிரி உருண்டை, இன்னொன்று முறுக்கின இலைத் துணுக்கு. அதனால் எழுத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது, எந்த முறையில் செய்தது என்பதும் கூடவே வர வேண்டும்.

பருவம் தான் மிக வேகமாக மாறும். டார்ஜிலிங்கில் குளிர்காலத்தில் செடி ஓய்ந்துவிடும். அதனால் வசந்தத்தில் வரும் முதல் கொழுந்துக்கு அங்கே தனிப் பெயரும் தனி விலையும் இருக்கின்றன. நீலகிரியில் வருடம் முழுக்கப் பறிக்கிறோம். "ஃபர்ஸ்ட் ஃபிளஷ்" என்று இங்கே எழுதினால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது, மாதத்தைச் சொன்னால்தான் தெரியும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இரவில் குளிர், பகலில் காய்ந்த வெயில். கொழுந்து மெதுவாக வரும், கொஞ்சமாகத்தான் வரும், மணம் தூக்கலாக இருக்கும். மழை மாதங்களில் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும், மணம் அந்த அளவுக்கு நிற்காது. சிலர் "உறைபனி படிந்த இலையிலிருந்து" என்று எழுதுகிறார்கள். உறைபனி விழுந்த கொழுந்து கருகிப்போகும், அதில் டீ போட முடியாது. நல்லது குளிரில் மெதுவாக வளர்ந்த கொழுந்துதான்.

எடையும் போடும் முறையும் கிரேடைப் பின்தொடர்ந்து வருபவை. கிரேடு மாறாதவரை இவையும் மாறாது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பி வருகிற பார்சல்களில் பாதிக்கு இங்கேதான் காரணம் இருக்கிறது.

ஆறாவதாக உங்கள் உழைப்பையும் கணக்கில் சேருங்கள். ஒரு பக்கத்தை எழுதி, படம் எடுத்து, ஏற்றுவதற்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்கு எத்தனை பாக்கெட் விற்கும் என்பதும் இந்த முடிவில் சேரும்.

## வழி 1: வருடம் முழுக்க ஒரே லிஸ்டிங்

"நீலகிரி டீ" என்று ஒரு பக்கம். அதற்குள் 100 கிராம், 250 கிராம், அரைக் கிலோ என்று எடை மட்டும் தேர்வு. பறித்த மாதம் எழுதுவதில்லை. சிலர் கிரேடையும் இதே பக்கத்தில் தேர்வாக வைக்கிறார்கள்.

இடம்: "நீலகிரி" என்ற அளவில் பொதுவாகச் சொல்லலாம், அது எப்போதும் உண்மையாக இருக்கும். வேறு மாநில இலையைக் கலக்கிறீர்கள் என்றால் "நீலகிரி, அஸ்ஸாம் கலவை" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். கலவை விற்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, மறைப்பதில்தான் குற்றம்.

பருவம்: இந்த வழியில் பருவத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் நேர்மை. பால் ஊற்றிக் கொதிக்க வைக்கிற டஸ்ட் டீக்கு இது பொருந்தும். அங்கே வாங்குபவருக்கு வேண்டியது போன மாதம் குடித்த அதே சுவை. அதற்காக விற்பவர் இரண்டு மூன்று லாட்டை, அதாவது தனித்தனியாகத் தயாராகி வந்த சரக்கை, கலந்து நிறத்தையும் கடுப்பையும் சமன் செய்கிறார். எந்த மாதத்து இலை என்ற கேள்விக்கே அங்கே பொருள் இல்லை.

போடும் முறை: ஒரே கிரேடு என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. கிரேடையும் அதே பக்கத்தில் தேர்வாக வைத்தால் இங்கேதான் இடிக்கும். "ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன்" என்ற வரி முழு இலைக்கும் டஸ்ட்டுக்கும் சேர்த்து நிற்கும். என் சமையலறைத் தராசில் டஸ்ட் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம். முழு இலை குவித்து எடுத்தாலும் ஒன்றரைக் கிராமைத் தாண்டவில்லை. ஒரே வரியை நம்பி இருவரும் டீ போட்டால் ஒருவருக்குக் கசக்கும், இன்னொருவருக்கு வெந்நீர் மாதிரி இருக்கும். இருவரும் டீயைத்தான் குறை சொல்வார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு: நல்ல லாட் கையில் வந்தாலும் விலையை ஏற்ற முடியாது. ஜனவரி இலைக்குக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருப்பீர்கள், ஆனால் பக்கத்தில் அதே விலைதான். கிரேடுகளை ஒன்றாகப் போட்டால் விமர்சனங்களும் கலந்துவிடும். "பாலுக்குச் சூப்பர்" என்பதும் "இலை பெரிசு, பால் ஊற்றாதீங்க" என்பதும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

எப்போது இதுவே சரி: ஒரே கிரேடு, மாதம் 50 கிலோவுக்கு மேல், வாங்குபவர் வீட்டு உபயோகத்துக்கு மாதாமாதம் வாங்குகிறவர். விமர்சனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்வது இந்த விற்பனைக்குப் பெரிய பலம்.

## வழி 2: கிரேடுக்கு ஒரு லிஸ்டிங், பருவ வரி மட்டும் மாறும்

ஓபிக்கு ஒரு பக்கம், பிஓபிக்கு ஒரு பக்கம், டஸ்ட்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு வரி: "இப்போது அனுப்புவது: 2025 செப்டம்பர் பறிப்பு." புது லாட் வந்ததும் அந்த வரியை மட்டும் மாற்றுகிறோம்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். காரணம், எடையும் போடும் முறையும் கிரேடோடு ஒட்டிக்கொண்டவை. கிரேடுக்கு ஒரு பக்கம் என்று வைத்துவிட்டால் இந்த இரண்டையும் ஒரு தடவை ஒழுங்காக எழுதினால் போதும்.

எடையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு இலை பஞ்சு மாதிரி. 100 கிராம் ஓபிக்கு வேண்டிய பவுச்சில் 100 கிராம் டஸ்ட் போட்டால் அடியில் கொஞ்சம்தான் தெரியும். டஸ்ட் வாங்கிப் பழகியவர் "பெரிய பை, எடை குறைவு" என்பார். ஓபி வாங்கிப் பழகியவர் டஸ்ட் பாக்கெட்டைப் பார்த்து "இவ்வளவுதானா" என்பார். அதனால் கிராமோடு கப் கணக்கையும் எழுதுகிறேன். 100 கிராம் ஓபி, ஒரு கப்புக்கு இரண்டரை கிராம், ஆக 40 கப். கிராமுக்கு என்ன விலை என்பதும் பக்கத்தில் வேண்டும், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளில் பின்னால் வந்த திருத்தம் அதைப் பாக்கெட்டின் மேலேயே கேட்கிறது. எழுதுகிற எடை பவுச் நீங்கலான நிகர எடை.

கூரியரில் வேறொரு கணக்கு இருக்கிறது. பல நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கின்றன. அது நிஜ எடையைவிட அதிகமாக வந்தால் அதற்குத்தான் பணம். 20க்கு 15க்கு 10 சென்டிமீட்டர் பெட்டி 600 கிராம் என்று கணக்காகும். அதற்குள் ஓபி 200 கிராம்தான் இருக்கும். டஸ்ட் அரைக் கிலோ அதைவிடச் சின்னப் பெட்டியில் போய்விடும். எல்லா கிரேடுக்கும் ஒரே அனுப்பும் கட்டணம் வைத்தால், ஓபி விற்கும்போதெல்லாம் உங்கள் கையிலிருந்து போகும்.

போடும் முறையில் மலையில் இருக்கிற நமக்கே தெரியாத ஒன்று உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். குன்னூரில் தண்ணீர் கொதிப்பது சுமார் 94 டிகிரியில். சென்னையில் 100 டிகிரியில். குன்னூரில் உட்கார்ந்து "கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூன்று நிமிடம்" என்று சுவைத்துப் பார்த்து எழுதுகிறோம். அதையே சென்னைக்காரர் செய்தால் ஆறு டிகிரி கூடுதல் சூட்டில் இலை ஊறும், துவர்ப்பு ஏறும். "அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்து ஊற்றவும்" என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். முழு இலை டீ கசக்கிறது என்று வந்துகொண்டிருந்த புகார்கள் அதோடு வெகுவாகக் குறைந்தன.

கிரேடுவாரியாக நான் எழுதுகிற முறை இது:

- ஆர்த்தடாக்ஸ் முழு இலை: 200 மில்லி தண்ணீர், இரண்டரை கிராம் (குவித்து ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்று மேல்). கொதித்து அடங்கிய தண்ணீர், மூன்று நிமிடம். பால் வேண்டாம்.
- ஆர்த்தடாக்ஸ் பிஓபி: 200 மில்லிக்கு இரண்டரை கிராம், நன்றாகக் கொதித்த தண்ணீர், மூன்று நிமிடம். பால் ஊற்றுவதானால் நான்கு நிமிடம் விட்டு, பாலைத் தனியாகக் காய்ச்சிச் சேர்க்கவும்.
- சிடிசி டஸ்ட்: இரண்டு டம்ளருக்கு 150 மில்லி தண்ணீர், தலைதட்டிய இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, ஒரு நிமிடம் கொதி. 150 மில்லி பால் சேர்த்து ஒரு பொங்கு பொங்கியதும் வடிகட்டவும்.

டீ டேஸ்டர்கள் 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு ஆறு நிமிடம் விடுவார்கள். அது குறை கண்டுபிடிப்பதற்கான கணக்கு, குடிப்பதற்கு இல்லை. அதை அப்படியே பக்கத்தில் எடுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்திருப்பார்.

இந்த வழியின் கண்ணுக்குத் தெரியாத செலவு முழுவதும் அந்த ஒரு பருவ வரியில் இருக்கிறது. அதை யார், எப்போது மாற்றுவது? அலமாரியில் பழைய லாட் எட்டுப் பாக்கெட் இருக்கும்போதே புதியது வந்துவிடும். பக்கத்தில் புதிய மாதம், பார்சலில் பழைய பாக்கெட். மதுரை அம்மாவுக்கு நான் செய்த தவறு வேறு விதத்தில் திரும்ப வரும். இதற்குத் தீர்வு, பழையது தீரும்வரை புதியதைத் திறக்காமல் இருப்பது. இல்லையென்றால் மீதம் இருக்கிற எட்டுப் பாக்கெட்டை மாதிரிப் பொட்டலமாக்கிவிட்டு வரியை மாற்றலாம்.

விமர்சனமும் சிக்கல்தான். பிப்ரவரியில் எழுதிய "மல்லிகை மாதிரி வாசனை" என்ற விமர்சனத்தைப் படித்துவிட்டு ஆகஸ்டில் ஒருவர் வாங்குவார். பக்கம் உண்மையைச் சொல்லும், விமர்சனம் வேறு இலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

எப்போது இதுவே சரி: இரண்டு முதல் நான்கு கிரேடு, ஒவ்வொரு லாட்டும் ஒன்றிரண்டு மாதம் ஓடும், லாட்டுக்கு லாட் சுவை கொஞ்சம்தான் மாறும்.

## வழி 3: ஒவ்வொரு பறிப்புக்கும் தனி லிஸ்டிங்

"கோத்தகிரி முழு இலை, 2026 ஜனவரி பறிப்பு" என்று அந்த லாட்டுக்கு மட்டும் ஒரு பக்கம். தீர்ந்தால் முடிந்தது. அடுத்த லாட்டுக்குப் புதுப் பக்கம்.

உண்மைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. ஃபேக்டரி பில்லில் இருக்கிற லாட் எண், பறித்த வாரம், எந்த ஊர்ப் பக்கத்து இலை, எல்லாவற்றையும் தயங்காமல் எழுதலாம். அந்த லாட்டையே போட்டுக் குடித்துப் பார்த்து நேரத்தைச் சொல்லலாம். சில ஜனவரி இலைகள் இரண்டரை நிமிடத்திலேயே போதும் என்றிருக்கும், அப்படியே எழுதலாம். விமர்சனமும் அந்த இலையைப் பற்றி மட்டுமே இருக்கும். விலையை லாட்டுக்கு ஏற்ப வைக்கலாம்.

பறித்த மாதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சட்டம் இதை உங்களுக்காகச் செய்யாது. பாக்கெட்டின் மேல் தயாரித்த அல்லது பொட்டலமிட்ட மாதமும் வருடமும் இருக்க வேண்டும். இணையப் பக்கத்தில் காட்ட வேண்டிய கட்டாய விவரங்களில் அந்த மாதத்துக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. பொட்டலமிட்ட மாதமும் பறித்த மாதமும் ஒன்றல்ல. ஜூனில் பறித்து மூட்டையில் கிடந்ததை ஜனவரியில் பாக்கெட் போட்டால் பாக்கெட்டில் ஜனவரி என்றுதான் வரும். அதைப் பார்த்து வாங்குபவர் பனிக்கால இலை என்று நினைத்துக்கொள்வார். இரண்டு மாதத்தையும் தனித்தனி வரியில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

கண்ணுக்குத் தெரியாத செலவு இங்கே அதிகம். ஒவ்வொரு பக்கமும் பூஜ்யம் விமர்சனத்தோடு தொடங்குகிறது. தேடலில் மேலே வருவதற்குள் இலை தீர்ந்துவிடும். போன வருடம் ஒருவர் தன் நண்பருக்கு அனுப்பிய இணைப்பு இந்த வருடம் எங்கும் போகாது. பெரிய விற்பனைத் தளங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பொருள் எண், தனி இருப்புக் கணக்கு வேண்டும். ஐந்து கிலோ லாட்டுக்கு இத்தனையும் செய்தால் வருகிற லாபம் அந்த வேலைக்கே போய்விடும்.

எப்போது இதுவே சரி: பனிக்கால ஆர்த்தடாக்ஸ், கையால் உருட்டிய டீ, சொந்த இணையதளம், பால் இல்லாமல் குடிக்கிற வாடிக்கையாளர்கள். அவர்கள் மாதத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள், போன லாட்டோடு ஒப்பிடுவார்கள்.

## மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்

| | வருடத்துக்கு ஒன்று | கிரேடுக்கு ஒன்று | பறிப்புக்கு ஒன்று |
|---|---|---|---|
| இடம் | மாவட்ட அளவில் மட்டும் | ஃபேக்டரி, வட்டாரம் வரை | எந்த ஊர்ப் பக்கத்து இலை என்பது வரை |
| கிரேடு | ஒன்றே என்றால் தெளிவு, பல என்றால் குழப்பம் | தெளிவு | தெளிவு |
| பருவம் | சொல்லாமல் விடுவது மேல் | ஒரு வரி, அடிக்கடி மாற்ற வேண்டும் | எப்போதும் சரி |
| போடும் முறை | டஸ்ட்டுக்குப் பொருந்தும் | கிரேடுக்குப் பொருந்தும் | அந்த இலைக்கே பொருந்தும் |
| விமர்சனம் | ஒரே இடத்தில் சேரும் | சேரும், பருவம் கலக்கும் | ஒவ்வொரு முறையும் புதிதாக |
| எங்கே காசு போகும் | நல்ல லாட்டுக்கு விலை கிடைக்காது | வரியை மாற்ற மறந்தால் ரிட்டர்ன் | எழுதும் நேரம், செத்துப்போன இணைப்பு |

## ஒரு கடையை எடுத்துப் பார்ப்போம்

போன வருடக் கடைசியில் கோத்தகிரியிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று சரக்கு வைத்திருந்தார். பசுந்தேயிலை வாங்கி அரைக்கிற ஒரு ஃபேக்டரியிலிருந்து மாதம் 200 கிலோ சிடிசி டஸ்ட். ஆறு வாரத்துக்கு ஒரு முறை 25 கிலோ ஆர்த்தடாக்ஸ் பிஓபி. ஜனவரியில் மட்டும் 14 கிலோ முழு இலை. எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தின் விவரம் மொத்தமும் இவ்வளவுதான்: "சுத்தமான நீலகிரி டீ. மலை உச்சியில் விளைந்தது. முதல் தரம். ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன்." வாசனை இல்லை, எடை குறைவு, கசக்கிறது என்று மூன்று விதமான புகார்கள் அவருக்கு வந்துகொண்டிருந்தன. மூன்றும் மூன்று வேறு டீயைப் பற்றியவை என்பது உட்கார்ந்து ஆர்டர்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

ஒரு கடைக்கு ஒரே வழிதான் என்று இல்லை. டஸ்ட்டுக்கு முதல் வழி, பிஓபிக்கு இரண்டாவது, ஜனவரி இலைக்கு மூன்றாவது என்று பிரித்தோம்.

டஸ்ட்டின் கணக்கு சுலபம். 250 கிராம் 110 ரூபாய், கிராம் 44 பைசா, ஒரு டம்ளருக்கு இரண்டரை கிராம் என்றால் 1 ரூபாய் 10 பைசா. "100 டம்ளர் வரும்" என்பதையே தலைப்புக்கு அடுத்த வரியாக்கினோம். அதை வாங்குகிற குடும்பத்துக்கு உயரமும் பருவமும் தேவைப்படவில்லை.

ஜனவரி இலையில்தான் நேரம் எடுத்துக்கொண்டோம். 14 கிலோவில் அரைக் கிலோவை மாதிரிக்காக ஒதுக்கினார். மீதி பதின்மூன்றரைக் கிலோ, 50 கிராம் பாக்கெட்டாக 270. அவர் 100 கிராம் போடத்தான் விரும்பினார். 50 போதும் என்றேன். முதல் முறை வாங்குகிறவர் 900 ரூபாய்க்குத் தயங்குவார், 450-க்குத் தயங்கமாட்டார். பவுச்சைத் திறந்த பிறகு மணம் இறங்கத் தொடங்கிவிடும், 20 கப் இலை அதற்குள் தீர்ந்துவிடும். 270 பாக்கெட்டுக்கு மூன்று மணி நேரம் எழுதுவது நியாயமான உழைப்பு.

எழுதி முடித்தது இப்படி வந்தது:

> கோத்தகிரி முழு இலை டீ, 2026 ஜனவரி பறிப்பு, 50 கிராம்
>
> இலை: நீலகிரி மாவட்டம் கோத்தகிரி சுற்று வட்டாரச் சிறு விவசாயிகளுடையது. கோத்தகிரியிலேயே தயாரித்தது. வேறு ஊர் இலை கலக்கவில்லை.
>
> கிரேடு: ஆர்த்தடாக்ஸ் ஓபி. நீளமான, முறுக்கின முழு இலை. ஓபி என்பது இலையின் அளவு, இதில் ஆரஞ்சு சுவை சேர்க்கவில்லை.
>
> பறித்தது: 2026 ஜனவரி. பாக்கெட் போட்டது: 2026 பிப்ரவரி. இந்தப் பறிப்பில் மொத்தம் 270 பாக்கெட்.
>
> எடை: நிகரம் 50 கிராம். 200 மில்லி கப்பாக 20 கப். விலை 450 ரூபாய் (கிராமுக்கு 9 ரூபாய், கப்புக்கு 22 ரூபாய் 50 பைசா). இலை உப்பியிருப்பதால் பை பெரிதாக இருக்கும்.
>
> போடும் முறை: 200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைக்கவும். ஒரு நிமிடம் கழித்து இரண்டரை கிராம் இலையில் ஊற்றி மூடவும். மூன்று நிமிடத்தில் வடிகட்டவும். அதே இலையில் இன்னொரு தடவை நான்கு நிமிடம் விடலாம். போர்வெல் தண்ணீரில் மேலே ஆடை கட்டி நிறம் மங்கும், வடிகட்டிய தண்ணீர் நல்லது.
>
> யாருக்கு வேண்டாம்: பால் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு இது பிடிக்காது. அவர்களுக்கு எங்கள் டஸ்ட் டீ பொருத்தம்.

கடைசி வரியைச் சேர்க்க அவர் தயங்கினார். வாடிக்கையாளரை நாமே திருப்பி அனுப்புகிறோமே என்றார். 450 ரூபாய் இலையைப் பாலில் கொதிக்க வைத்துவிட்டு ஒரு நட்சத்திரம் கொடுப்பவரைவிட, டஸ்ட் வாங்கிப் போகிறவர் நமக்கு நல்லவர் இல்லையா என்றேன். சரி என்றார்.

அவர் இன்னொன்றும் கேட்டார், நீலகிரி லோகோ போடலாமா என்று. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீக்குப் புவிசார் குறியீடு பெற்ற லோகோ இருக்கிறது. அது தேயிலை வாரியத்துடையது, அவர்கள் அனுமதி இல்லாமல் பக்கத்திலோ பவுச்சிலோ போடக் கூடாது. சிடிசி டஸ்ட்டுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. எழுத்தில் இடத்தைச் சொன்னோம், படத்தை விட்டுவிட்டோம்.

## ஏற்கெனவே ஒரே பக்கத்தில் இருப்பவர்கள் பிரிப்பது எப்படி

பழைய பக்கத்தை அழித்துவிட்டு மூன்று புதுப் பக்கம் போடாதீர்கள், சேர்த்து வைத்த விமர்சனம் அத்தனையும் போய்விடும். பழைய பக்கத்தில் எந்த டீ அதிகம் விற்றதோ அதற்கே அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். கோத்தகிரிக்காரருக்கு அது டஸ்ட். மற்ற இரண்டையும் அதிலிருந்து எடுத்துப் புதிய பக்கங்களில் வைத்தோம். பழைய பக்கத்தில் "முழு இலை, பிஓபி இப்போது தனியாக" என்று ஒரு வரி சேர்த்து இணைப்பும் கொடுத்தோம்.

ஜனவரி இலை தீர்ந்த பிறகும் அதன் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறோம். "2026 ஜனவரி பறிப்பு தீர்ந்தது, அடுத்த பனிக்கால இலை 2027 பிப்ரவரியில்" என்று மட்டும் மேலே மாற்றியிருக்கிறது. விமர்சனங்கள் அங்கேயே இருக்கின்றன, பழைய இணைப்பில் வருகிறவர் வெறும் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த வருட இலை வேறு பக்கத்தில் வரும்.